நீண்ட ஆங்கில வாக்கியம் தமிழில் சிக்கிக்கொண்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

நிறுவன அறிக்கையை மொழிபெயர்க்கும்போது சொல் தெரியாமல் நிற்பது குறைவுதான். சொல்லெல்லாம் தெரிந்தும் வாக்கியம் நிமிராமல் கிடப்பதுதான் அதிகம். ஆங்கிலம் எழுவாயையும் வினையையும் முதலிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் 'விச்', 'தட்', 'பிகாஸ்', 'ப்ரொவைடட்' என்று வாலை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம். தமிழில் அந்த வால் முழுவதும் வினைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிற சேதி, தமிழில் படிப்பவருக்கு மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை அவர் எல்லாவற்றையும் கையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, 'காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டு' என்பது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன், பாதி நேரம் அது உதவாது. ஆங்கிலக் காற்புள்ளி ஆங்கில இலக்கணத்துக்காகப் போட்டது, தமிழ் வாக்கியம் எங்கே பிரிய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வெட்ட வேண்டிய இடம் எழுவாய் மாறும் இடம். தமிழ் வாக்கியம் நீளமாக இருப்பது தவறே இல்லை. 'ஆய்வுக் குழு மூன்று ஆலைகளையும் நேரில் பார்த்து, கணக்குகளைச் சரிபார்த்து, ஊழியர்களிடம் பேசி, மே மாதம் தன் அறிக்கையைத் தாக்கல் செய்தது' என்பதில் நான்கு வினைகள் இருக்கின்றன, யாருக்கும் மூச்சு முட்டாது. நான்கையும் செய்தது ஒரே குழு, அதனால்தான்.

ஆகவே சிக்கலான வாக்கியம் வந்தால் மொழிபெயர்க்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு துண்டுத்தாளில் 'யார், என்ன செய்தார்' என்று ஜோடி ஜோடியாக எழுதுங்கள். எத்தனை 'யார்' தேறுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர்தான் என்றால் ஒரே வாக்கியம் தாங்கும். இரண்டு என்றால் யோசிக்கலாம். மூன்றுக்கு மேல் போனால் வெட்டியே ஆக வேண்டும்.

அறிகுறி: வாக்கியத்தின் நடுவிலேயே படிப்பவர் தொடக்கத்துக்குத் திரும்புகிறார்

ஒரு காலாண்டு அறிக்கையில் வரக்கூடிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் துண்டுகள் வரும் வரிசை இது: இயக்குநர் குழு, உள்தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்த பின், அந்த அறிக்கை ஒரு தாமதத்தைக் கண்டுபிடித்திருந்தது, எதில் தாமதம் என்றால் சப்ளையர்களின் பில்களுக்கு ஒப்புதல் தருவதில், அந்தத் தாமதத்தால் நிறுவனம் தாமதக் கட்டணம் கட்ட நேர்ந்தது, முடிவு செய்தது, செயல்பாட்டுப் பிரிவு கவலை தெரிவித்திருந்தும், என்ன கவலை என்றால் புதிய முறை வேலையை இன்னும் மெதுவாக்கும் என்று, ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்புதல் முறையைக் கொண்டுவர, பிப்ரவரி இறுதிக்குள் சோதனை முடிந்தால்.

இதை ஒரே மூச்சில் தமிழாக்கினால் பெரும்பாலும் இப்படி வந்து நிற்கும்:

> தாமதக் கட்டணங்களுக்கு வழிவகுத்த, சப்ளையர் பில்களுக்கு ஒப்புதல் வழங்குவதில் ஏற்பட்ட தாமதங்களைக் கண்டறிந்த உள்தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்த இயக்குநர் குழு, புதிய முறை பணிகளை மேலும் மெதுவாக்கும் என்று செயல்பாட்டுப் பிரிவு எழுப்பிய கவலைகளுக்கு மத்தியிலும், பிப்ரவரி இறுதிக்குள் சோதனை நிறைவடையும் பட்சத்தில், ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்புதல் முறையை அறிமுகப்படுத்த முடிவு செய்தது.

இலக்கணப்படி இதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இது ஆபத்தானது, சரிபார்ப்பவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போய்விடும். எங்கே இடறுகிறது என்று பாருங்கள். 'வழிவகுத்த', 'ஏற்பட்ட', 'கண்டறிந்த', 'பரிசீலித்த' என்று நான்கு பெயரெச்சங்கள் வரிசையாக வருகின்றன. முதல் இரண்டும் தாமதத்தைச் சேர்ந்தவை, மூன்றாவது அறிக்கையை, நான்காவது குழுவை. படிப்பவர் ஒவ்வொன்றையும் எந்தப் பெயரோடு ஒட்டுவது என்று தேடியபடியே போகிறார். இயக்குநர் குழு வருவதற்குள் தாமதக் கட்டணம் எதற்கு என்பது மறந்துவிடுகிறது. என் அனுபவத்தில் ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு பெயரெச்சங்கள் வரை தாங்கும். மூன்றாவது வந்தாலே கண் பின்னால் போகும்.

இன்னொரு கோளாறு உள்ளே ஒளிந்திருக்கிறது. 'சோதனை நிறைவடையும் பட்சத்தில் ... முடிவு செய்தது' என்கிறோம். நிபந்தனை எதற்கு? புதிய முறையைக் கொண்டுவருவதற்கா, முடிவு செய்வதற்கா? வினை கடைசியில் 'முடிவு செய்தது' என்று இறந்த காலத்தில் நிற்பதால், நிபந்தனையும் அதோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. நடந்து முடிந்த முடிவுக்கு இனிமேல் வரப்போகும் நிபந்தனை எப்படிப் பொருந்தும்?

சரி, ஜோடிகளை எழுதுவோம். அறிக்கை தாமதத்தைக் கண்டது. நிறுவனம் கட்டணம் கட்டியது. பிரிவு கவலை சொன்னது. குழு பரிசீலித்தது, முடிவெடுத்தது. சோதனை முடிய வேண்டும். ஐந்து 'யார்'. இனி எதை முதலில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஆங்கில வாக்கியம் குழுவில் தொடங்கியது, அதாவது எழுதியவருக்கு முடிவுதான் சேதி. அதை நாமும் முதலில் வைத்துவிடலாம்:

> ஏப்ரல் 1 முதல் புதிய ஒப்புதல் முறையைக் கொண்டுவர இயக்குநர் குழு முடிவு செய்துள்ளது. ஆனால் அதற்கான சோதனை பிப்ரவரி இறுதிக்குள் முடிந்தால்தான் இந்த முறை நடைமுறைக்கு வரும். சப்ளையர்களின் பில்களுக்கு ஒப்புதல் தருவதில் தாமதம் இருப்பதாகவும், அதனால் நிறுவனம் தாமதக் கட்டணம் கட்ட நேர்ந்ததாகவும் உள்தணிக்கை அறிக்கை கூறியிருந்தது. அந்த அறிக்கையைப் பரிசீலித்த பிறகே குழு இம்முடிவுக்கு வந்தது. புதிய முறை வேலையை மேலும் மெதுவாக்கும் என்று செயல்பாட்டுப் பிரிவு கவலை தெரிவித்திருந்தது.

படிக்கச் சுகமாக இருக்கிறது, ஆனால் ஒரு சங்கடம் உண்டு. தமிழில் பத்தியின் கடைசி வாக்கியத்துக்குக் கனம் அதிகம். கவலையைக் கடைசியில் விட்டுவிட்டதால், ஏதோ முடிவை அந்தப் பிரிவு இன்னும் எதிர்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு தொனி வந்துவிட்டது. மூலத்தில் அது போகிற போக்கில் சொன்ன விஷயம். அதனால் கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து மாற்றினேன்: 'புதிய முறை வேலையை மேலும் மெதுவாக்கும் என்று செயல்பாட்டுப் பிரிவு கவலை தெரிவித்திருந்தபோதிலும், உள்தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்த குழு இம்முடிவை எடுத்தது.' இங்கே எழுவாய் இரண்டு இருந்தாலும் 'போதிலும்' தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது, தாங்கும்.

'கவலையையும் கருத்தில் கொண்டு' என்று எழுத ஆசையாக இருக்கும், காதுக்கு இதமாகவும் இருக்கும். எழுதாதீர்கள். கவலை இருந்தும் முடிவெடுத்தார்கள் என்றுதான் மூலம் சொல்கிறது, அதைப் பரிசீலித்தார்கள் என்று சொல்லவில்லை. வாக்கியத்தைப் பிரித்து மறுபடி ஒட்டும்போது இந்த மாதிரி இல்லாத பொருள் பசைபோல வந்து ஒட்டிக்கொள்ளும்.

அறிகுறி: எச்சங்கள் நொண்டுகின்றன, எங்கே தவறு என்று சொல்லத் தெரியவில்லை

'எரிபொருள் விலை உயர்ந்து, சப்ளையர்கள் கட்டணத்தைக் கூட்டி, நிறுவனம் விற்பனை விலையை மாற்றியமைத்தது.' படித்தால் ஏதோ இடிக்கிறது. 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சம், அதே எழுவாயின் வினையைக் கொண்டு முடிவதுதான் முறை. இங்கே உயர்ந்தது விலை, கூட்டியது சப்ளையர், மாற்றியது நிறுவனம். ஆங்கிலத்தில் 'வித்' போட்டோ, வினையோடு 'இங்' சேர்த்தோ எல்லாவற்றையும் கோத்துவிடுவார்கள், நாம் அதே கோவையை 'து'வும் 'இ'யும் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

எழுவாய் மாறினால் எச்சமும் மாற வேண்டும். காரணம் என்றால் 'உயர்ந்ததால்', காலம் என்றால் 'உயர்ந்த பிறகு', முரண் என்றால் 'உயர்ந்தும்' அல்லது 'உயர்ந்தபோதிலும்'. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஆங்கிலக் கோவை பெரும்பாலும் காரணமா காலமா என்று சொல்லாமல் நழுவும், தமிழ் உங்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும். தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அறிக்கை எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள், ஊகிக்காதீர்கள். காரணம்தான் என்று உறுதியானால்: 'எரிபொருள் விலை உயர்ந்ததால் சப்ளையர்கள் கட்டணத்தைக் கூட்டினர். அதையடுத்து நிறுவனம் விற்பனை விலையை மாற்றியமைத்தது.'

இதற்கு விலக்கு உண்டு. 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் யாரும் குறை காண்பதில்லை. ஒன்றன் விளைவாக இன்னொன்று தானாக நடந்தால் 'செய்து' பொறுத்துக்கொள்ளும். 'தேவை குறைந்து சரக்கு தேங்கியது' சரிதான். முடிவில் நிற்கும் வினை யாரோ யோசித்துச் செய்த காரியமாக இருந்தால்தான் நொண்டும்.

அறிகுறி: 'எந்தக் கிளைகள்?' என்று பதில் கடிதம் வருகிறது

இது எனக்கே நேர்ந்தது. ஓர் அறிக்கையில், கிழக்கு மண்டலக் கிளைகளை மூடுவதாகவும், அவை நஷ்டத்தில் இயங்கி வந்ததாகவும் ஒரே வாக்கியத்தில் இருந்தது. நான் 'நஷ்டத்தில் இயங்கி வந்த கிழக்கு மண்டலக் கிளைகள் மூடப்படும்' என்று எழுதிக் கொடுத்தேன். அழகாக ஒரு வாக்கியத்தில் அடங்கியது. அதைப் படித்த ஊழியர்கள், லாபத்தில் ஓடும் கிழக்குக் கிளைகள் தப்பிவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே அப்படி எந்தக் கிளையும் இல்லை, எல்லாமே மூடத்தான் போகிறார்கள். வேலை போகுமா போகாதா என்று காத்திருப்பவர்கள் படித்த வரி அது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது கனக்கிறது.

காரணம் இதுதான். ஆங்கிலத்தில் காற்புள்ளி போட்டு 'விச்' வந்தால் அது கூடுதல் தகவல். காற்புள்ளி இல்லாமல் வந்தால் எவை என்று பிரித்துச் சொல்வது. தமிழ்ப் பெயரெச்சத்தில் இந்த வேறுபாடே கிடையாது, இரண்டும் ஒரே உருவம். அதிலும் பெயரெச்சம் முன்னால் வரும்போது படிப்பவர் மனம் பெரும்பாலும் 'அந்த வகையானவை மட்டும்' என்று பிரித்துத்தான் பார்க்கும்.

எனவே கூடுதல் தகவல் எதையும் பெயரெச்சமாக்காமல் தனி வாக்கியமாக்கிவிடுவேன். 'கிழக்கு மண்டலக் கிளைகள் அனைத்தும் மூடப்படும். அவை நஷ்டத்தில் இயங்கி வந்தன.' பிரித்துச் சொல்வதாக இருந்தால் 'மட்டும்' சேர்த்துவிடலாம்: 'கிழக்கு மண்டலத்தில் நஷ்டத்தில் இயங்கும் கிளைகள் மட்டும் மூடப்படும்.' ஆனால் 'அனைத்தும்' போடுவதற்கு முன் மூலத்தில் அந்தக் காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், ஏனென்றால் ஆங்கிலம் எழுதுபவர்களும் அந்தக் காற்புள்ளியை விட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: வெறும் கணிப்பு, நடந்துவிட்டதுபோலப் படிகிறது

'நிர்வாகம் கருதுகிறது' என்பது ஆங்கிலத்தில் தலையிலேயே நிற்கும், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் கருத்து என்று ஆரம்பத்திலேயே தெரியும். தமிழில் 'என்று நிர்வாகம் கருதுகிறது' கடைசிக்குப் போய்விடும். 'இரண்டாவது ஆலை முழுத் திறனில் இயங்கத் தொடங்கி, உற்பத்திச் செலவு 8 சதவீதம் குறைந்து, ஏற்றுமதி ஆர்டர்கள் உரிய நேரத்தில் அனுப்பப்படும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது' என்ற வாக்கியத்தில், 8 சதவீதக் குறைவைப் படிப்பவர் நடந்த விஷயமாகவே மனத்தில் ஏற்றிவிடுவார். அவசரத்தில் எண்களை மட்டும் பார்த்துப் போகிறவர் கடைசிச் சொல் வரை வரவே மாட்டார்.

வினை கடைசியில் இருந்தாலும் இது கணிப்பு என்ற குறிப்பை முன்னால் கொண்டுவர வழி இருக்கிறது. 'நிர்வாகத்தின் கணிப்பின்படி', 'நிர்வாகம் எதிர்பார்ப்பது இது:' என்று தொடங்கிவிட்டு, உள்ளே வரும் ஒவ்வொரு வினையையும் எதிர்காலத்தில் முடியுங்கள். 'நிர்வாகத்தின் கணிப்பின்படி, இரண்டாவது ஆலை முழுத் திறனில் இயங்கத் தொடங்கும். அப்போது உற்பத்திச் செலவு 8 சதவீதம் குறையும். ஏற்றுமதி ஆர்டர்களையும் உரிய நேரத்தில் அனுப்ப முடியும்.' 'குறைந்து' என்ற எச்சம் உருவத்தில் இறந்த காலம்போல இருந்தாலும், எப்போது நடக்கிறது என்பதை முடிக்கும் வினையிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும். 'குறையும்' என்று முற்றாக்கியதும் குழப்பம் போய்விட்டது. பத்தி நீண்டால் நடுவில் ஒருமுறை 'இந்தக் கணிப்பில்' என்று நினைவூட்டுங்கள், முதல் வாக்கியத்தின் 'கணிப்பின்படி' ஐந்தாவது வாக்கியம் வரை கூடவே வராது.

'எதிர்பார்க்கப்படுகிறது' என்று மட்டும் எழுதுவதை முடிந்தவரை தவிர்க்கிறேன். யார் எதிர்பார்க்கிறார் என்பது அறிக்கையில் பக்கத்திலேயே இருக்கும், எடுத்துப் போட்டுவிடலாம்.

அறிகுறி: 'இல்லை' எதை மறுக்கிறது என்று தெரியவில்லை

'விலை உயர்வால் விற்பனை குறையவில்லை.' விற்பனை குறையவே இல்லையா, குறைந்தது ஆனால் காரணம் விலை இல்லையா? தமிழில் மறுப்பு வினையோடு கடைசியில் ஒட்டியிருப்பதால், முன்னால் இருக்கும் எதை வேண்டுமானாலும் அது மறுக்கலாம். நீண்ட வாக்கியத்தில் இது இன்னும் மோசமாகும். எது பொய் என்று சொல்ல வருகிறீர்களோ அதை 'அல்ல'வுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்: 'விற்பனை குறைந்ததற்குக் காரணம் விலை உயர்வு அல்ல.' மற்ற பொருள்தான் என்றால்: 'விலை உயர்ந்தபோதிலும் விற்பனை குறையவில்லை.'

இதே குடும்பத்தில் 'எல்லாக் கிளைகளும் இலக்கை எட்டவில்லை' என்பதும் சேரும். ஒன்றுகூட எட்டவில்லையா, சில மட்டும் எட்டவில்லையா? 'எந்தக் கிளையும் எட்டவில்லை' அல்லது 'சில கிளைகள் எட்டவில்லை' என்று உடைத்து எழுதிவிடுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் எண்ணிக்கையையே போடலாம்.

அறிகுறி: வெட்டிய பிறகு தந்தி படிப்பதுபோல இருக்கிறது

வெட்டத் தெரிந்துகொண்டதும் எல்லாவற்றையும் வெட்டிவிடும் கட்டம் ஒன்று வரும். 'விற்பனை குறைந்தது. இரண்டு ஆலைகள் மூடப்பட்டன. செலவு குறைந்தது. லாபம் நிலையாக இருந்தது.' ஆங்கிலத்தில் இருந்த 'பிகாஸ்', 'ஆல்தோ', 'தேர்ஃபோர்' எல்லாம் வெட்டிய இடத்தில் உதிர்ந்துவிட்டன. விற்பனை குறைந்ததால் ஆலைகளை மூடினார்களா, மூடியதால் விற்பனை குறைந்ததா என்பதே தெரியவில்லை. வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் இணைப்புச் சொல்லைத் திருப்பி வையுங்கள்: 'விற்பனை குறைந்ததால் இரண்டு ஆலைகள் மூடப்பட்டன. அதனால் செலவு குறைந்து, லாபம் நிலையாக இருந்தது.' வினைகளுக்கு நடுவே 'மற்றும்' போட்டு ஒட்டாதீர்கள், அது பெயர்களைச் சேர்க்கும் சொல். 'குறைந்தது மற்றும் உயர்ந்தது' என்று தமிழில் யாரும் பேசுவதில்லை.

'இது', 'அது' என்ற சுட்டுகளிலும் கவனம் வேண்டும். மேலே இயக்குநர் குழு உதாரணத்தில் இரண்டாவது வாக்கியத்தை 'முடிந்தால்தான் இது நடைமுறைக்கு வரும்' என்றுதான் முதலில் எழுதினேன். 'இது' முடிவா, சோதனையா, முறையா? 'இந்த முறை' என்று பெயரையே திரும்பச் சொல்லிவிட்டேன். ஒரே பெயரை அடுத்தடுத்து இருமுறை எழுதினால் நடை கெட்டுவிடுமே என்று தயங்க வேண்டாம், அறிக்கையில் தெளிவு முக்கியம்.

வெட்டக் கூடாத இடமும் ஒன்று உண்டு. ஒப்பந்த விதியோ உறுதிமொழியோ அறிக்கைக்குள் அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தால், நிபந்தனையையும் கடப்பாட்டையும் இரண்டு வாக்கியங்களாகப் பிரிக்காதீர்கள். யாராவது முதல் வாக்கியத்தை மட்டும் மேற்கோள் காட்டினால் நிபந்தனை இல்லாத வாக்குறுதியாகிவிடும். அங்கே 'சோதனை பிப்ரவரி இறுதிக்குள் முடிந்தால், நிறுவனம் ஏப்ரல் 1 முதல் புதிய முறையைப் பின்பற்றும்' என்று நிபந்தனையை முன்னால் வைத்து ஒரே வாக்கியமாகவே விடுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, 'ஆல்' விகுதி முன்னால் வந்துவிட்டதால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

எல்லாம் முடிந்ததும் அந்தத் துண்டுத்தாளை மறுபடி எடுத்து, எழுதிய ஜோடிகளைத் தமிழ்ப் பத்தியில் ஒவ்வொன்றாகத் தேடி அடித்துக்கொண்டே வாருங்கள். தேதி, சதவீதம், மாதம் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி. அடிபடாமல் ஒரு ஜோடி நின்றால் அது வெட்டும்போது தொலைந்திருக்கிறது. தாளில் இல்லாத ஜோடி ஒன்று பத்தியில் இருந்தால் அது நீங்கள் சேர்த்தது.